துணிக் கத்தரியும் வீட்டுக் கத்தரியும்
(தோட்டத் தையல் வகுப்பில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நம்ம வகுப்புக் கத்தரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. போன மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்காகச் சொல்கிறேன். தீபாவளிக்குத் தோரணம் வெட்ட, ஒரு வீட்டுப் பிள்ளைகள் நம்ம 9 அங்குலக் கத்தரியை வாங்கிக்கொண்டு போனார்கள். கொடுத்தது நான்தான். திரும்பி வந்ததும் பழைய பேப்பர் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். நல்லா வெட்டியது. அலுமாரியில் வைத்துவிட்டேன்.

அடுத்த கிழமை ஒரு அம்மா, மகளுக்குப் பாடசாலையில் கொடுத்த வெள்ளைச் சீருடைத் துணியை மேசையில் விரித்து வெட்டினார். நேர்க்கோடு சரியாக வந்தது. கைக்குழி வளைவுக்கு வந்ததும் துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்துகொண்டது. கையை முறுக்கி அழுத்தினார். கத்தரி கோட்டைத் தாண்டி அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. அரசாங்கம் 1993இல் தொடங்கிய அந்த இலவசத் துணி அளவாகத்தான் கிடைக்கும், மிச்சம் இருக்காது. கடைசியில் அந்தத் துணியில் தங்கச்சிக்குத்தான் கவுன் தைக்க முடிந்தது. மூத்தவள் பழைய கவுனோடு போகிறாள்.

பேப்பரை வெட்டிய கத்தரி துணியை ஏன் வெட்டவில்லை?

கடதாசி விறைப்பானது. மொட்டை அலகுக்கும் மடியாமல் நின்று கொடுக்கும். துணி அப்படியில்லை, வளையும், நழுவும். அலகு கூராக இல்லாவிட்டால் மடிந்து நடுவில் புகுந்துவிடும். ஆகவே பேப்பரை வெட்டிப் பார்த்துக் கத்தரி நல்லா இருக்கு என்று நான் நினைத்தது பெரிய பிழை.

மொட்டையாக்கியதும் அதே பேப்பர்தான். கடதாசியை வழவழப்பாக்கவும் வெள்ளையாக்கவும் களிமண் மாவும் சுண்ணாம்பு மாவும் சேர்க்கிறார்கள். தோரணத்துக்கு எடுக்கும் பளபளப்புக் கடதாசியில் அது இன்னும் கூட. ஒவ்வொரு வெட்டுக்கும் அது அலகின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். தோரணத்துக்குச் சின்னச் சின்ன வெட்டாக நுனியால்தான் வெட்டுவார்கள். அதனால் அடிப்பக்கம் கூராக இருந்தது, நுனிப்பக்கம் போய்விட்டது. வளைவை நுனியால்தானே வெட்டுகிறோம்.

வீட்டுக் கத்தரியும் தேயும். ஆனால் அதன் விளிம்பு கொஞ்சம் தடிப்பு. பேப்பர், நூல், பால்மா பைக்கற்று வெட்ட அது போதும். துணிக் கத்தரியின் விளிம்பு மெல்லிசு, அதனால் சீக்கிரம் கெடும். பிடியையும் பாருங்கள். வீட்டுக் கத்தரிக்கு இரண்டு வளையமும் அநேகமாக ஒரே அளவு. துணிக் கத்தரியில் ஒன்று சிறிது, பெருவிரலுக்கு. மற்றது பெரிது, மூன்று நாலு விரலுக்கு. பிடி மேல்நோக்கி வளைந்திருப்பதால் கீழ் அலகு மேசையில் படிந்து ஓடும், துணி தூக்குப்படாது. கவ்வாத்துக் கத்தியால் யாராவது விறகு பிளப்பார்களா? அது மாதிரிதான்.

இனி எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன். பழைய மெல்லிய வொயில் துண்டு ஒன்றை ஒற்றையாகப் பிடித்து, அலகின் அடியில் தொடங்கி நுனி வரைக்கும் ஒரே வெட்டாக மெதுவாக வெட்டுங்கள். ஒரே இடத்தில் மட்டும் நூல் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அநேகமாகக் குண்டூசி மேல் வெட்டியிருப்பீர்கள். நுனிப்பக்கம் முழுக்க மடிந்தால் மொட்டை. ஆனால் அதற்கு முதல் திருகாணியைப் பாருங்கள். ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற அலகை அகல விரித்து விடுங்கள். கொஞ்சம் இறங்கி நடுவில் நிற்க வேண்டும். படாரென்று மூடினால் ஆணி தளர்ந்திருக்கிறது. கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கிவிட்டு மறுபடி வெட்டிப் பாருங்கள். பல நேரம் அதோடு சரியாகும்.

மொட்டை என்றால் சாணைக்குத்தான் கொடுக்க வேண்டும். வெளிப்பக்கச் சரிவை மட்டும் தீட்டச் சொல்லுங்கள். இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரசும் உள்பக்கத்தைத் தேய்த்தால் நடுவில் இடைவெளி விழும். பிறகு எவ்வளவு கூர் வைத்தாலும் துணி மடியும். போத்தல் கழுத்தில் இழுப்பது, உப்புத்தாள் வெட்டுவது எல்லாம் சின்னப் பிசிரை எடுக்கும், தேய்ந்த விளிம்பைத் திருப்பித் தராது.

நம்ம மலைப்பக்கத்து ஈரத்துக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். வேலை முடிந்ததும் பஞ்சுத் தூசியைக் காய்ந்த துணியால் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டு மெசின் எண்ணெய் விடுங்கள். சீமெந்துத் தரையில் விழுந்தால் சொல்லாமல் அலுமாரியில் வைக்காதீர்கள். ஏச மாட்டேன்.

இன்றையிலிருந்து வகுப்பில் இரண்டு கத்தரி. பிடியில் சிவப்புத் துணி கட்டியது துணிக்கு மட்டும். பிறவுண் பேப்பரில் அளவு வெட்டுவதற்கு நீலத் துணி கட்டிய வீட்டுக் கத்தரி. பேப்பரைத் துணிமேல் வைத்துச் சோக்கால் கோடு போட்டு, பேப்பரையும் குண்டூசியையும் எடுத்த பிறகுதான் சிவப்பைத் தொட வேண்டும். சிவப்பு இப்போது சாணைக்குப் போயிருக்கிறது, சனிக்கிழமை வரும். அது வரைக்கும் யாரும் புதுத் துணி கொண்டுவர வேண்டாம். பிறவுண் பேப்பரில் கைக்குழி வரைந்து பழகுவோம்.