கண்ணுக்குள் வில்லையா, லேசர் சிகிச்சையா?

(பட்டர்வொர்த்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடும் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “லேசர் செய்தால் கண்ணாடியைக் கழற்றி விடலாமே, டாக்டர் ஏன் வேண்டாம் என்கிறார்?” இதற்கு ஒரு கணக்கே விடை சொல்லும்.

லேசர் சிகிச்சை கருவிழியைச் செதுக்கிப் பார்வையைத் திருத்துகிறது. சராசரிக் கருவிழியின் நடுக்கனம் சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். ஒருவருக்கு அது 480 மைக்ரான்தான் என்றும், கண்ணாடிக் கடையில் நாம் சொல்லும் வழக்கப்படி பவர் 1200 என்றும் வைத்துக்கொள்வோம். லாசிக் முறையில் முதலில் 110 மைக்ரான் அளவுக்கு ஒரு மூடியை அறுத்துத் திறப்பார்கள். பிறகு ஒவ்வொரு 100 பவருக்கும் ஏறக்குறைய 12 மைக்ரான் வீதம் 144 மைக்ரான் செதுக்க வேண்டும். அடியில் எஞ்சுவது 226 மைக்ரான். குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 300 வேண்டும் என்போரும் உண்டு.

மீறிச் செய்தால், மெலிந்த கருவிழி கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் மெல்ல முன்னே பிதுங்கக்கூடும். லாசிக்குக்குப் பின் நேர்ந்த இந்தக் கேட்டை ஜெர்மானிய மருத்துவர் தியோ சைலர் 1998-இல் எடுத்துரைத்தார். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. மூடி அறுக்காத லேசர் முறையும் உண்டு. ஆனால் இத்தனை பவருக்கு அதில் கருவிழி மங்கலாகும் அபாயம் கூடுதல்.

இத்தகையோருக்கு மாற்று வழி, கண்ணுக்குள் வைக்கும் வில்லை. சிறு கீறல் வழியே மடித்து நுழைத்து, கண்மணித் திரைக்குப் பின்னும் இயற்கை வில்லைக்கு முன்னும் அமர்த்துவார்கள். கருவிழியின் கனம் குறையாது. தேவைப்பட்டால் வில்லையை வெளியே எடுக்கவும் முடியும்.

இதற்கும் அளவு உண்டு. கண்ணின் முன்னறை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். கருவிழியின் உட்புற உயிரணுக்களும் போதிய அளவில் இருக்க வேண்டும். வைத்த வில்லைக்கும் இயற்கை வில்லைக்கும் இடைவெளி 250 முதல் 750 மைக்ரான் வரை இருப்பது நலம். வில்லை சிறிதாகி இடைவெளி குறைந்தால் கண்புரை வரலாம். பெரிதானால் கண்ணழுத்தம் ஏறலாம். சிகிச்சைக்குப் பின் கடும் கண்வலி, தலைவலி, வாந்தி கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

இன்னொன்று, அன்பர்களே. இரண்டு முறையும் கண்ணாடியைத்தான் கழற்றும்; நீண்டுபோன கண்ணின் மெலிந்த விழித்திரையை மாற்றாது. ஒளிக்கீற்று மின்னினாலோ, திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆண்டுதோறும் விழித்திரைச் சோதனையும் தேவை.

ஆகவே, சிகிச்சைக்குக் கையெழுத்திடுமுன் இரண்டைக் கேளுங்கள்: லேசர் என்றால், “அடியில் எத்தனை மைக்ரான் எஞ்சும்?” வில்லை என்றால், “முன்னறை ஆழம் எவ்வளவு?”