ஆறு வகைப் பெயர்களும் ஒரு சந்தேகமும்



பெயர்ச்சொல் ஆறு வகைப்படும் என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒப்புவிக்கிறார்கள். நாற்காலி பொருட்பெயர், மதுரை இடப்பெயர், சித்திரை காலப்பெயர், மூக்கு சினைப்பெயர், கருமை பண்புப்பெயர், உழுதல் தொழிற்பெயர் என்பது வரையில் தகராறு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளையிடமே "மதுரையான்" என்பது என்ன பெயர் என்று கேட்டால், மதுரை என்னும் சப்தம் காதில் விழுந்த மாத்திரத்தில் இடப்பெயர் என்று சொல்லிவிடும். மதுரையான் என்பவன் ஓர் ஆளல்லவா? அவனுக்கு ரயிலேறிப் போய்ச் சேர முடியுமா?

இந்தக் குழப்பத்திற்குப் பிள்ளை மாத்திரம் காரணமல்ல. ஒரே ஆறு வகை இரண்டு காரியத்திற்குப் பயன்படுகிறது. ஒன்று, இடத்தையும் குணத்தையும் நேராகச் சொல்லும் பெயர். மற்றொன்று, இடத்தினாலோ குணத்தினாலோ ஓர் ஆளுக்கு வந்த பெயர். நன்னூல் செய்த பவணந்தியார் ஆண்பால் பெயர்களைச் சொல்லுமிடத்தில், இந்த இரண்டாவதைத்தான் பேசுகிறார். ஆகவே மதுரையானை ஒருவர் இடப்பெயர் என்றால், எந்தக் கணக்கில் சொல்லுகிறீர் என்று நாம் கேட்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க வெகு சுலபமான வழி இருக்கிறது. பெயரை எழுவாயாக வைத்து ஒரு வாக்கியம் செய்து, அதன் முடிவைப் பாருங்கள். கருமை படிந்தது; கரியன் வந்தான். உழுதல் கடினமானது; உழவன் வந்தான். "வந்தான்" என்று முடிந்தால் அது ஆளின் பெயர். குணமும் தொழிலும் அந்தப் பெயருக்குக் காரணமே தவிர வேறல்ல.

அப்படிக் காரணம் என்றால், காரணம் போனபின் பெயர் எதற்கு என்ற கேள்வி வருகிறது. தச்சு வேலை செய்கிறவன் தச்சன் என்பது நியாயமே. அவன் மகன் தபாலாபீசில் முத்திரை குத்துகிறான். உளி பிடித்ததே இல்லை. ஊரார் அவனையும் தச்சன் என்றே கூப்பிட்டால், அது தொழிலால் வந்த பெயரென்று எந்த இலக்கணத்தைக் கொண்டு சொல்வது? அது பிறப்பால் ஒட்டவைத்த பெயர். இலக்கண ஆசிரியர் மேல் இந்தப் பழியைப் போட இடமில்லை.

இனி, சொல்லின் உருவமே நம்மை ஏமாற்றுவதும் உண்டு. "காலை" என்பதைப் பாருங்கள். "காலை கழுவினான்" என்றால் பொழுது, காலப்பெயர். "காலைக் கழுவினான்" என்றால் கால் என்னும் சினைப்பெயரோடு ஐ உருபு சேர்ந்திருக்கிறது. ஏட்டிலே நடுவில் நிற்கும் க் என்னும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அச்சுக் கோப்பவர் அதை விட்டுவிட்டால், அவன் கழுவியது காலைப் பொழுதிலா, கழுவப்பட்டதே காலா என்பதை முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படித்துத்தான் அறிய வேண்டும்.