பந்தலில் பெயரும் பதிவு மேஜையும்



திருவிழாப் பந்தலுக்கு நன்கொடை கொடுத்து, இருபது பெயர்களுக்கு நடுவே நமது கடையின் பெயரையும் எழுதச் செய்துவிட்டு, அதையே விளம்பரமென்று எண்ணி வருஷந்தோறும் திருப்தியடைகிறோமே, அந்தப் பெயரைப் படித்துவிட்டுக் கடைக்கு வந்ததாகச் சொன்ன வாடிக்கையாளர் ஒருவரையாவது நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? தெய்வ கைங்கரியமாகக் கொடுப்பது வேறு விஷயம். அதில் லாப நஷ்டம் பார்ப்பது அபசாரம். வியாபாரத்துக்கென்று ஒதுக்கும் சொற்பப் பணத்தைப் பற்றியே இங்கே பேச வந்திருக்கிறேன்.

நம்மைப் போன்ற ஒரு சிற்றூரில் மோட்டார் பம்பு விற்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பம்பு விற்கிறார். பக்கத்துத் தெருவில் ஒருவர் காயில் கட்டுகிறார். கடைவீதியில் இன்னொருவர் சொட்டுநீர்க் குழாய் விற்கிறார். மூவரிடமும் வருகிறவர் அதே விவசாயிதான். மூவரும் ஒருவருக்கொருவர் போட்டியுமல்ல. இம்மூவரும் விவசாயிகள் சங்கத்தோடு சேர்ந்து ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மோட்டார் பராமரிப்பு முகாம் நடத்துவதென்றால் என்ன செலவாகும்? மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு 3,000 ரூபாய், ஒலிபெருக்கிக்கும் நாற்காலிக்கும் 2,000, நோட்டீசுக்கு 1,500, அறுபது பேருக்கு டீயும் வடையும் 2,500 என்று கணக்கிட்டால், 9,000 ரூபாயை மூன்றாக வகுத்து, ஆளுக்கு 3,000 ரூபாயோடு முடிந்துவிடும்.

மாதம் மார்கழியாக இருக்கட்டும். அம்மாதத்தில் கல்யாணம் கிடையாதாகையால் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையையும் பேசிக் குறைக்கலாம். முகூர்த்தத்துக்குப் போகவேண்டுமென்று விவசாயி எழுந்திருக்கவும் மாட்டார். அதற்குமேல், மாசி பங்குனியில் வெயில் ஏறி மோட்டார்கள் இரவும் பகலும் ஓடத் தொடங்குமுன் அவரோடு நமக்குப் பரிச்சயம் ஏற்பட்டிருக்கும்.

முகாமில் பிரசங்கம் வேண்டாம். எரிந்துபோன ஒரு மோட்டாரைப் பிரித்து மேஜைமேல் வையுங்கள். மூன்று பேஸில் ஒன்று அறுந்த பிறகும் மோட்டார் ஓடினால், எஞ்சிய பேஸ்களில் மின்னோட்டம் மிகுந்து காயில் கருகிவிடும். ஆகவே காயில் முழுவதும் ஒரே சீராகக் கருகாமல், சில கட்டுகள் கரியாகவும் அடுத்த கட்டு புத்தம் புதிதுபோலவும் நிற்கும். காயில் கட்டுகிறவர் அதை விரலால் தொட்டுக் காட்டி, பேஸ் அறுந்தவுடன் மோட்டாரை நிறுத்திவிடும் சாதனம் ஒன்று உண்டென்று சொன்னால், தமது தோட்டத்து மோட்டார் போன கோடையில் ஏன் எரிந்தது என்று ஒவ்வொருவரும் கேட்க ஆரம்பித்துவிடுவார். அந்தச் சம்பாஷணைக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அங்கேயே விலைப்பட்டியலை நீட்டிவிடாதீர்கள். நீட்டினால் அடுத்த முகாமுக்கு ஆள் வராது.

ஆனால் வந்தவர்கள் வடை தின்றுவிட்டுப் போய்விட்டால், பந்தல் நன்கொடைக்கும் இதற்கும் என்ன பேதம்? ஆகவே வாசலில் ஒரு மேஜை போட்டு, கடைப் பையனை உட்கார வைக்காமல், முதலாளியே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். பெயர், ஊர், கிணறா போர்வெல்லா, எத்தனை அடி ஆழம், மோட்டார் எத்தனை குதிரைத்திறன், வாங்கிய வருஷம், கடைசியாக எரிந்தது எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு போனில் கூப்பிடலாமா என்று சம்மதத்தையும் கேட்டுக்கொண்டால், அந்த வரிகளே 3,000 ரூபாய்க்கு நாம் வாங்கிய சரக்கு. பத்து நாளைக்குள் அவர்களைக் கூப்பிடாவிட்டால் அச்சரக்கு கெட்டுவிடும்.

முகாமைக் கெடுப்பவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, சிறப்பு விருந்தினர். அவர் வரும்வரை காத்திருந்து, வந்தபின் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். (இந்த மேடையிலேயே எத்தனை பொன்னாடைகள் விழுந்தன என்பதை நான் எண்ணவில்லை; வணிகர் சங்கத் தலைவர் க்ஷமிக்க வேண்டும்.) மற்றொன்று, கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபம். நோட்டீசில் யார் பெயர் முதலில், செலவு ஏறினால் யார் தலையில், நோட்டுப் புத்தகத்தின் பிரதி யாருக்கெல்லாம் என்ற மூன்றையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டுக் கொள்ளுங்கள். சிநேகிதர்தானே என்று விட்டுவிடுகிற இடத்தில்தான் பெரும்பாலும் சண்டை வருகிறது. ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதியையும் மறந்துவிட வேண்டாம்.

பம்புக் கடைக்குச் சொன்னதைத் துணிக்கடைக்கு அப்படியே பொருத்தி வைக்க முடியாது. வாங்குகிறவர் பொருளைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வியாபாரங்களுக்கே இது பலிக்கும். அத்தகைய கடைகள் நமது ஊரில் கணிசமாக இருக்கின்றன. ஆகையால் வணிகர் சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான்: வரும் மார்கழியின் நான்கு ஞாயிறுகளிலும் சங்கக் கட்டிடத்தின் கீழ்க்கூடத்தை, மூன்று கடைகள் சேர்ந்து எழுதிக் கேட்டால் வாடகையின்றித் தருவதென்று இன்றைக்கே தீர்மானம் நிறைவேற்றுங்கள்.