செய்தோமா, செய்யவேண்டுமா?



என் பழைய மாணவர் ஒருவரின் மகள், மண்ணியல் ஆராய்ச்சி மாணவி, தமிழில் எழுதிய கட்டுரை ஒன்றை என்னிடம் கொணர்ந்தாள். “ஐயா, செய்முறைப் பகுதியின் நடையை மட்டும் பார்த்துத் தாருங்கள்” என்றாள். வயல் மண்ணில் எத்துணை ஈரம் உள்ளது என்று அளந்த கட்டுரை அது. அவள் எழுதியிருந்தது இது:

“வயலில் ஐந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண்ணை எடுத்து, கலந்து, எடையிடப்பட்டது. பின்னர் அடுப்பில் 105 பாகை செல்சியசில் 24 மணி நேரம் உலர்த்த வேண்டும். ஆறியபின் மீண்டும் எடையிடுகிறோம். தராசு 0.01 கிராம்வரை காட்டியது.”

நான்கு வாக்கியங்களில் எத்தனை வகை வினைமுற்றுகள் பாருங்கள்! முதலாவது செயப்பாட்டுவினை; அடுத்தது விதி கூறுவது; மூன்றாவது நிகழ்காலம்; நான்காவது இறந்தகாலம்.

முதல் வாக்கியத்தில் நம் இலக்கணமே தடை சொல்கிறது. ‘எடுத்து’, ‘கலந்து’ என்னும் வினையெச்சங்கள் தம்மைச் செய்த வினைமுதலின் வினையையே கொண்டு முடிதல் வேண்டும். எடுத்தவரும் கலந்தவரும் ஆராய்ச்சியாளர். ‘எடையிடப்பட்டது’ என்பதற்கு எழுவாயோ மண். போதாக்குறைக்கு, அந்த மண் ‘மண்ணை’ என்று இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. ‘எடுக்கப்பட்டு, கலக்கப்பட்டு, எடையிடப்பட்டது’ என்று திருத்தினால் வழு நீங்கும், காதுக்குத்தான் சுமை. ‘மண்ணை எடுத்து, கலந்து, எடையிட்டோம்’ என்பது எளிது. “ஆசிரியர் தம்மைச் சொல்லலாகாது என்பார்களே?” என்று கேட்டாள். அது முன்பு பலர் போற்றிய வழக்கம். ‘நேச்சர்’ போன்ற ஆங்கில ஆராய்ச்சி இதழே இப்பொழுது செய்வினையைத்தான் விரும்புகிறது. எனவே பகுதி முழுவதும் ‘ஓம்’ விகுதியில் நிற்பதென்று முடிவு செய்தோம்.

காலத்தைத் திருத்துவது இத்துணை எளிதாக இல்லை. ‘உலர்த்த வேண்டும்’ என்பது ஆய்வுக்கூடக் கையேட்டின் மொழி. அடுத்தவருக்குக் கட்டளையிடுவது கையேடு. தாம் செய்ததைச் சான்றாக உரைப்பது கட்டுரை. ‘உலர்த்தப்படும்’ என்று மாற்றினாலும் பயனில்லை. அவ்வடிவம் தமிழில் வழக்கத்தையும் குறிக்கும், எதிர்காலத்தையும் குறிக்கும். நடந்ததா என்று மட்டும் சொல்லாது.

ஆகவே ஒவ்வொரு வினைமுற்றின் கீழும் கோடிடச் செய்தேன். “அம்மா, இது நீ செய்ததா, செய்யத்தக்கதா, எப்பொழுதும் உள்ளதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தராசு 0.01 கிராம்வரை காட்டுவது அதன் இயல்பு. அன்று மட்டும் நிகழ்ந்ததன்று. எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கவேண்டும் என்று தோழி ஒருத்தி கூறியதால் அதனைக் ‘காட்டியது’ என்று மாற்றியிருந்தாள். அதனை மீண்டும் ‘காட்டும்’ ஆக்கினோம். ‘முதல் அட்டவணை எடைகளைத் தருகிறது’ என்பதையும் தொடவில்லை. அட்டவணை இன்றும் தந்துகொண்டுதான் இருக்கிறது.

‘உலர்த்த வேண்டும்’ என்பதற்கு வந்தோம். “24 மணி நேரம் உலர்த்தினோம் என்று எழுதலாமா?” என்றேன். பெண் சற்றே தயங்கினாள். ஓர் இரவு மின்சாரம் நின்றுவிட்டதாம். மூன்று டப்பாக்களில் இருந்த மண் 14 மணி நேரமே சூட்டில் இருந்ததாம். ‘வேண்டும்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் அந்த இரவு மறைந்திருந்தது. அவள் மறைக்க நினைத்தாள் என்று நான் கருதவில்லை. கையேட்டின் வாக்கியம் கைக்கு எளிதாய் வந்துவிட்டது, அவ்வளவே. நானே ‘உலர்த்தினோம்’ என்று திருத்திக் கொடுத்திருந்தால் என் பேனா ஒரு பொய்யை எழுதியிருக்கும்.

அந்தப் பத்து மணி நேரத்தால் கேடு என்ன? ஒரு டப்பாவின் ஈரமண் 48.0 கிராம். 14 மணி நேரத்திற்குப் பின் அது 40.8 கிராம் நின்றது. குறைந்தது 7.2 கிராம், அதனை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரம் நூற்றுக்கு 17.6. இது மெய்யான அளவா, மண்ணில் இன்னும் நீர் தங்கியிருந்ததா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல இயலாது. மீண்டும் சூடாக்கி எடையிட்டால் தெரியும். எடை மேலும் குறையாது நின்றால்தான் உலர்ந்தது என்று பொருள்.

நல்லவேளையாக டப்பாக்களில் மண் சிந்தாமல் அப்படியே இருந்தது. மீண்டும் அடுப்பில் இட்டாள். அந்த டப்பாவின் மண் 40.0 கிராமில் நிலைத்தது. எட்டு கிராம் நீர், நூற்றுக்கு 20. மற்ற இரண்டிலும் எண்கள் மாறின. அட்டவணையைத் திருத்தி எழுதினாள்.

இப்பொழுது அப்பகுதி இவ்வாறு உள்ளது:

“வயலில் ஐந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண்ணை எடுத்து, கலந்து, எடையிட்டோம். அதனை அடுப்பில் 105 பாகை செல்சியசில் 24 மணி நேரம் உலர்த்தினோம். மூன்று டப்பாக்களில் மின்தடையால் 14 மணி நேரத்தில் உலர்த்தல் நின்றது. அவற்றைப் பின்னர் எடை மாறாத நிலைவரை மீண்டும் உலர்த்தினோம். ஆறியபின் எடையிட்டோம். தராசு 0.01 கிராம்வரை காட்டும்.”