சுத்திகரிப்புக் கருவியும் வருடாந்த ஒப்பந்தமும்

நீர் சுத்திகரிப்புக் கருவிக்கான வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்றில் தொழிலாளர் கூலியும் குறிப்பிட்ட தடவை வருகையும் மட்டுமே அடங்கும். மற்றதில் உதிரிப்பாகங்களும் சேரும். விலை வித்தியாசத்துக்குக் காரணம், கருவியின் மிக விலையுயர்ந்த பாகங்களில் ஒன்றான ஆர்.ஓ. சவ்வு.

பாண்டிருப்பு போன்ற கரையோர ஊர்களில் இந்தச் சவ்வுதான் அதிகம் உழைக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் மெல்லிய படையாக உவர்நீரின் மேல் நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறும். 2004 சுனாமியின்போது கரையோரக் கிணறுகள் பலவற்றில் கடல்நீரே புகுந்தது.

உப்பும் வன்மையும் கூடிய நீர் சவ்வை விரைவில் அடைத்துவிடும். அதனால்தான் சில ஒப்பந்தங்கள், உள்வரும் நீரில் கரைந்த உப்பு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் சவ்வுக்குப் பொறுப்பேற்பதில்லை. மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் பழுதான மோட்டாரும் பலவற்றில் விலக்கே. கையொப்பத்துக்கு முன் மிகக் கவனமாக வாசிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

சவ்வின் நிலையை உப்புமானியால் அறியலாம். உள்வரும் நீர் லீற்றருக்கு 800 மில்லிகிராம், வெளிவருவது 80 என்றால், சவ்வு பத்தில் ஒன்பது பங்கை நீக்குகிறது. உள்வரும் அளவு மாறாமலே வெளிவருவது 250ஐ எட்டினால் சவ்வு தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். வெறும் வடிகட்டி மாற்றத்தால் அது சரியாகாது.

ஒப்பந்தம் தொடங்கும் நாளிலேயே இரு அளவுகளையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.