25 என்றால் 25 அல்ல!



கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ் ஏறி இக்கல்லூரிக்கு வந்து படித்தவன் நான். மூன்றாமாண்டு விடுமுறையில் கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனேன். கிரைண்டிங் முடிந்த மோட்டார் ஷாப்டை அளக்கச் சொன்னார்கள். பேரிங் உட்காரும் இடத்தில் டிராயிங் 25 k6 என்றது. மைக்ரோமீட்டர் 24.995 மி.மீ. காட்டியது. ஐந்து மைக்ரான்தானே குறைகிறது என்று ஓகே போட்டுவிட்டேன்.

போர்மேன் பார்த்துவிட்டு, "தம்பி, பக்கத்துல இருக்கற k6 என்னன்னு பாத்தீங்களா?" என்று சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டினார். 25 மி.மீ. ஷாப்டுக்கு k6 என்றால் 25.002 முதல் 25.015 வரை. அதாவது, சரியாக 25.000 இருந்தால்கூட ரிஜெக்ட்!

காரணம் இதுதான். அதில் மாட்டும் 6205 பேரிங்கின் துளை 24.990 முதல் 25.000 வரை இருக்கும். ஷாப்ட் அதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் உள்வளையம் இறுகப் பிடிக்கும். 25.000 துளையுள்ள பேரிங் என் ஷாப்டுக்கு அமைந்தால், ஓடும்போது வளையம் வழுக்கும். பிறகு கழற்றினால், அந்த இடம் பளபளவென்று தேய்ந்து, செம்பழுப்புப் பொடி படிந்திருக்கும்.

பெரிதாக இருந்தால் இன்னொரு கட் எடுக்கலாம். குறைந்துவிட்டால் கூட்ட முடியாது. என் ஷாப்ட் கழிவுப் பெட்டிக்குப் போனது.

தம்பிகளே, டிராயிங்கில் எண்ணைப் படித்ததும் நின்றுவிடாதீர்கள். அடுத்துள்ள எழுத்தையும் பாருங்கள். சின்ன எழுத்து ஷாப்டுக்கு, பெரிய எழுத்து துளைக்கு. அட்டவணையைப் பார்த்து இரண்டு எல்லைகளையும் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் மைக்ரோமீட்டரைக் கையில் எடுங்கள்.