குச்சி செருகிய பொத்தான்



தொழிற்கூடத்தைக் கதையாக்க விழைவோர் முன் ஒரு கதையை வைக்கிறேன். வேப்பம்பட்டில் ரயிலேறி அம்பத்தூர்ப் பட்டறைக்குச் செல்லும் மேற்பார்வையாளர் ஒருவர். அங்கே தகடு வெட்டும் பவர் பிரஸ். இரு பொத்தான்களை இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் ராம் இறங்கும். அப்போது டைக்குள் விரல் இராது. பழைய சாவிக் கிளட்ச் எந்திரத்தில், இறங்கத் தொடங்கிய ராமை நடுவில் நிறுத்த இயலாது. எனவே அப்பொத்தான்களே காவல்.

ஒரு பொத்தானைக் குச்சி செருகி அழுத்தி வைத்தால், ஒரு கை தகடு வைக்கும், மறு கை இயக்கும். நிமிடத்துக்கு 8 பீஸ் 12 ஆகும். அவர் குச்சியைப் பிடுங்குகிறார்.

“எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே, சார்!”

தேநீர் வேளையில் அவரருகே எவரும் அமரவில்லை.

இக்கோபத்தை அறியாமையென எழுதினால் கதை பொய்யாகும். 10 பீஸுக்கு மேல்தான் ஊக்கத்தொகை. 8 பீஸில் அது இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆபத்தான எந்திரப் பகுதிக்குக் காப்பு வேண்டுமென விதித்தது. இலக்கின் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. குச்சியைச் செருகத் தூண்டியது அந்த இலக்கு.

ஆதலால் அவர் மேலாளரிடமும் செல்ல வேண்டும்: இரு கை வேகத்துக்கு இலக்கைக் குறைக்கவும், தகடு வைக்க இடுக்கி தரவும் கேட்க வேண்டும். அங்கே அவர் வேலையே ஆட்டங்காண்கிறது. இலக்கு குறையவில்லை, இடுக்கி மட்டும் வருகிறது. கோபம் தீராமலே ஒருவர் அதைக் கையிலெடுக்கிறார். அங்கே கதையை நிறுத்தலாம்.